59N அடித்த பிறகு எங்கிருந்து தேடுவது: ஜெனரேட்டர் ஸ்டேட்டர் எர்த் ஃபால்ட், அறிகுறி வாரியாக

துவாஸிலும் ஜூரோங் தீவிலும் உள்ள மின்நிலையங்களில் ஷிப்டு பார்க்கும் நம் ஆட்களுக்காக எழுதியது இது. நியூட்ரல் எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மரும் அதன் செகண்டரியில் ரெசிஸ்டரும் இருக்கும் ஜெனரேட்டர்களுக்கு மட்டும் பொருந்தும். நியூட்ரலை நேரடியாக எர்த் செய்த சிறிய டீசல் செட்டுகளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்.

கணக்கு கையில் நிற்பதற்காக ஒரே ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 15.75 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ். நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மர் 15750/240 வோல்ட். செகண்டரியில் 0.6 ஓம் ரெசிஸ்டர். ஜெனரேட்டருக்கும் மெயின் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே ஒரு ஜெனரேட்டர் பிரேக்கர். இந்த 0.6 ஓம் பிரைமரிப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 2,580 ஓம். அதனால் ஒரு ஃபேஸின் டெர்மினல் முழுதாக எர்த்தானாலும் ரெசிஸ்டர் வழியாக ஓடுவது 3.5 ஆம்பியர்தான். வைண்டிங், கேபாசிட்டர், பஸ் டக்ட் ஆகியவற்றின் கெபாசிட்டிவ் கரண்ட் இன்னொரு 3.4 ஆம்பியர். இரண்டும் நேரே கூடாது; சேர்ந்து 5 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக வரும். அந்த நேரத்தில் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே 138.6 வோல்ட் இருக்கும். 59N அதில் 5 சதவீதமான 7 வோல்ட்டுக்கும், ஒரு விநாடித் தாமதத்துக்கும் வைக்கப்பட்டிருக்கிறது. நியூட்ரலுக்கு அருகிலுள்ள கடைசி 5 சதவீத வைண்டிங்கை இது பார்க்காது. அந்தப் பகுதியை மூன்றாம் ஹார்மோனிக்கை அளக்கும் 27TN பார்க்கிறது.

வேறு இயந்திரம் என்றால் எண்கள் மாறும், வழி மாறாது. உங்கள் ரெசிஸ்டரின் முழு வோல்ட்டேஜ் எவ்வளவு என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

```
V(முழு) = (லைன் வோல்ட்டேஜ் / 1.732) / டிரான்ஸ்ஃபார்மர் விகிதம்
        = (15750 / 1.732) / 65.6 = 138.6 V
```

பெட்டி எதையும் திறப்பதற்கு முன்: ஜெனரேட்டர் நிற்கிறது என்பதால் நியூட்ரல் செத்துக் கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம். 20 ஹெர்ட்ஸ் இன்ஜெக்‌ஷன் முறை இருக்கும் இயந்திரத்தில், ரோட்டர் நின்ற பிறகும் அது செகண்டரியில் வோல்ட்டேஜ் கொடுத்துக்கொண்டே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் அதை 65 மடங்காக்கி நியூட்ரலில் நிறுத்தும். இன்ஜெக்‌ஷனை அணைத்துப் பூட்டுங்கள், நியூட்ரலை எர்த் செய்யுங்கள், பிறகு கை வையுங்கள். சிங்கப்பூரில் 1000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்வேலை, அந்த வோல்ட்டேஜுக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்திடம் உரிமம் பெற்ற மின்பொறியாளரின் பொறுப்பில்தான் நடக்க வேண்டும். கீழே ‘திறந்து பாருங்கள்’ என்று வரும் இடமெல்லாம் அந்த பெர்மிட் கையில் இருக்கிறது என்ற பொருளில்தான்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று சாட்சிகளைக் கேளுங்கள்

ரிலேயை ரீசெட் செய்யாதீர்கள். முதலில் ஃபால்ட் ரெக்கார்டை இறக்கி, மூன்று அளவுகளை ஒரு தாளில் எழுதுங்கள்.

முதலாவது, நியூட்ரல் ரெசிஸ்டரின் வோல்ட்டேஜ். இதை 138.6-ஆல் வகுத்துச் சதவீதமாக்குங்கள். இரண்டாவது, ஜெனரேட்டர் டெர்மினல் பொட்டென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மரின், அதாவது பிடியின், ஓபன் டெல்ட்டா வோல்ட்டேஜ். பிடி விகிதம் முழு ஃபால்ட்டில் 110 வோல்ட் தரும்படி இருந்தால் 110-ஆல் வகுங்கள். மூன்றாவது, மூன்று ஃபேஸ்-எர்த் வோல்ட்டேஜ்களும் மூன்று லைன் வோல்ட்டேஜ்களும்.

உண்மையான எர்த் ஃபால்ட் என்றால் முதல் இரண்டு சதவீதங்களும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கும், ஃபேஸ்-எர்த் வோல்ட்டேஜ்கள் தாறுமாறாக இருக்கும், ஆனால் லைன் வோல்ட்டேஜ் மூன்றும் அசையாமல் 110 வோல்ட்டிலேயே நிற்கும். கடைசியில் சொன்னதைத்தான் பலர் பார்க்க மறக்கிறார்கள். எர்த் ஃபால்ட்டில் நகர்வது நியூட்ரல் புள்ளி மட்டுமே; ஃபேஸ்களுக்கிடையே உள்ள வோல்ட்டேஜ் மாறுவதில்லை. லைன் வோல்ட்டேஜும் விழுந்திருந்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் பிடியின் கோளாறு.

## அறிகுறி 1: 59N ட்ரிப், ஓபன் டெல்ட்டாவும் ஒத்துப்போகிறது

இது நிஜம். ‘ஒரு தடவை ஏற்றிப் பார்ப்போம், நிற்கிறதா என்று’ என்ற யோசனைக்கே இங்கு இடமில்லை. முதல் ஃபால்ட்டை 5 ஆம்பியருக்குள் அடக்குவது ரெசிஸ்டர்தான். ஆனால் அதே நேரம் நல்ல ஃபேஸ்களின் வோல்ட்டேஜ் எர்த்தைப் பொறுத்து 1.7 மடங்குவரை ஏறுகிறது. அதில் இன்னொரு ஃபேஸ் எர்த்தானால் அது ஃபேஸ்-ஃபேஸ் ஃபால்ட். அந்த கரண்ட் ரெசிஸ்டர் பக்கமே வராது. அதை ரெசிஸ்டரால் தடுக்க முடியாது. ஒரு வைண்டிங் பாரைச் சரிசெய்து முடிந்திருக்கும் வேலை, ஸ்டேட்டர் கோரையே பிரிக்கும் வேலையாக மாறும்.

### 1அ: ஃபால்ட் எந்தப் பக்கம்?

இதற்கு ரெக்கார்டே பதில் சொல்லும், ஸ்பேனர் தேவையில்லை. ஜெனரேட்டர் பிரேக்கர் திறந்த கணத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். எக்ஸைட்டேஷன் அணைந்தாலும் ஜெனரேட்டர் வோல்ட்டேஜ் அடங்கச் சில விநாடிகள் ஆகும். பிரேக்கர் திறந்த பின்னும் நியூட்ரல் வோல்ட்டேஜ் அந்த வோல்ட்டேஜோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் ஃபால்ட் ஜெனரேட்டர் பக்கம். பிரேக்கர் திறந்த உடனே நியூட்ரல் வோல்ட்டேஜ் காணாமல் போனால் ஃபால்ட் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம்: பஸ் டக்ட், மெயின் டிரான்ஸ்ஃபார்மரின் லோ வோல்ட்டேஜ் வைண்டிங், யூனிட் டிரான்ஸ்ஃபார்மர், அந்தப் பக்கத்துப் பிடி. அப்போது அந்தப் பக்கத்தின் ஓபன் டெல்ட்டா இன்னும் வோல்ட்டேஜ் காட்டிக்கொண்டிருக்கும், முன்னைவிட அதிகமாகவும் காட்டலாம். பிரேக்கர் திறந்தபின் அந்தப் பக்கத்துக்கு ரெசிஸ்டரே இல்லையே. மெயின் டிரான்ஸ்ஃபார்மர் கிரிட்டிலிருந்து உயிரோடு இருந்தால் அதையும் முறைப்படி நிறுத்தும் வரை யாரும் பஸ் டக்ட் அருகே போக வேண்டாம்.

### 1ஆ: எந்த ஃபேஸ், எவ்வளவு ஆழத்தில்?

இங்குதான் அவசர முடிவுகள் பிறக்கின்றன. ரிலே 45 சதவீதம் காட்டினால், நியூட்ரலிலிருந்து 45 சதவீதத் தூரத்தில் வைண்டிங் போய்விட்டது என்று உடனே எழுதிவிடுகிறார்கள். ஃபால்ட்டில் ரெசிஸ்டன்ஸே இல்லை என்றால் மட்டும்தான் அந்தக் கணக்கு சரி. ரெசிஸ்டன்ஸ் இருக்கிறதா இல்லையா என்பதை மற்ற இரண்டு ஃபேஸ்களின் வோல்ட்டேஜே காட்டிக்கொடுக்கும்.

இரண்டு நல்ல ஃபேஸ்களும் சமமாக ஏறியிருந்தால், அது ரெசிஸ்டன்ஸ் இல்லாத நேரடித் தொடர்பு. சதவீதத்தைத் தூரமாகவே எடுத்துக்கொள்ளலாம். உதாரணமாக L1-இல் 70 சதவீத இடத்தில் என்றால் ரெசிஸ்டரில் 97 வோல்ட் வரும், பிடி செகண்டரியில் L1 19 வோல்ட்டுக்கு இறங்கும், L2-வும் L3-யும் ஆளுக்கு 94 வோல்ட்டுக்கு ஏறும்.

சமமாக இல்லையென்றால் ஃபால்ட் பாதையில் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது. அப்போது சதவீதத்தை வைத்து இடம் சொல்லக் கூடாது. ஃபேஸைச் சொல்ல மட்டும் ஒரு வழி உண்டு: அதிகம் ஏறிய ஃபேஸ் எதுவோ, ஃபேஸ் வரிசையில் அதற்கு அடுத்ததுதான் ஃபால்ட்டான ஃபேஸ். L3 உச்சத்தில் இருந்தால் L1. ரெசிஸ்டர் சரியான மதிப்பில் இருக்கும்போது அதே ஃபேஸ்தான் மிகக் குறைந்த வோல்ட்டேஜும் காட்டும். இரண்டு விதிகளும் வெவ்வேறு ஃபேஸைக் காட்டினால் நியூட்ரல் ரெசிஸ்டர் திறந்துபோயிருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். அறிகுறி 5-க்குப் போங்கள்.

### ஓர் உதாரணம், எண்களோடு

டிசம்பர் மழையில் நடக்கக்கூடிய ஒன்று. ரெக்கார்டில் ரெசிஸ்டர் 62 வோல்ட், ஓபன் டெல்ட்டா 49 வோல்ட். இரண்டும் 45 சதவீதம், ஆக நிஜ ஃபால்ட். ஃபேஸ்-எர்த் அளவுகள் L1 40, L2 71, L3 89 வோல்ட். லைன் வோல்ட்டேஜ் மூன்றும் 110.

L2-வும் L3-யும் சமமில்லை, எனவே இடையில் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது. உச்சம் L3, அடுத்தது L1, மிகக் குறைந்ததும் L1: ஃபேஸ் உறுதி. இந்த அளவுகளுக்குப் பொருந்தும் ஃபால்ட் ரெசிஸ்டன்ஸ், அது டெர்மினல் அருகே இருந்தால், ஏறத்தாழ 2,600 ஓம். அதாவது நியூட்ரல் ரெசிஸ்டரின் பிரைமரி மதிப்புக்குக் கிட்டத்தட்டச் சமம். உடைந்து எர்த்தைத் தொட்ட வைண்டிங் பார் இவ்வளவு ரெசிஸ்டன்ஸ் காட்டுவது வழக்கமல்ல. ஈரம், அழுக்கு, இன்சுலேட்டர் மேல் கரிக்கோடு ஆகியவைதான் இப்படிக் காட்டும். பிரேக்கர் திறந்ததும் நியூட்ரல் வோல்ட்டேஜ் பூஜ்யமாகி, டிரான்ஸ்ஃபார்மர் பக்க ஓபன் டெல்ட்டா 100 வோல்ட்டைத் தாண்டியிருந்தால் கதை முடிந்தது: L1 பஸ் டக்ட், பிரேக்கருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே. ஸ்டேட்டரைத் தொட வேண்டியதே இல்லை. வெளிப்புறப் பகுதியில் சீல் போன ஒரு மூடியின் கீழே உள்ள சப்போர்ட் இன்சுலேட்டரிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். வெள்ளை இன்சுலேட்டரின் அடிப்பகுதியில் நீர் வடிந்த கோடும், அதன் நடுவே மயிரிழை போலக் கறுத்துக் கிளைவிட்ட தடமும் தெரியும். துடைத்தால் போகிற அழுக்கு என்றால் சுத்தம் செய்து உலர்த்தலாம். நகத்தால் சுரண்டியும் தடம் போகவில்லை என்றால் அந்த இன்சுலேட்டரை மாற்றுங்கள்.

### 1இ: ஜெனரேட்டர் பக்கம்தான் என்றால், மலிவானதிலிருந்து

இயந்திரம் முழுதாக நின்று, எர்த் போட்ட பிறகு மெக்கரோடு பகுதி பகுதியாகப் பிரிப்பதுதான் வேலை. மெக்கர் போடும் முன் நியூட்ரல் லிங்க்கைத் திறந்தே ஆக வேண்டும். நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியின் மறுமுனை எர்த்தில் இருக்கிறது, டெர்மினல் பிடிகளின் பிரைமரியும் அப்படியே. இவற்றை விட்டுவிட்டு மெக்கர் போட்டால் நல்ல ஸ்டேட்டரும் பூஜ்யம் காட்டும். அந்தப் பூஜ்யத்தை நம்பி வைண்டிங் ஆட்களைக் கூப்பிட்டால் வீண் செலவு.

முதலில் பிடி பெட்டி. டிரக்குகளை வெளியே இழுத்து, ஈரம், எரிந்த வாடை, பல்லி ஆகியவற்றைப் பாருங்கள். ஹீட்டர் வேலை செய்கிறதா என்று கையால் தொட்டு அல்ல, கிளாம்ப் மீட்டரால் கரண்ட் அளந்து பாருங்கள். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் ஹீட்டர் செத்த பெட்டியில் ஒரே நிறுத்தத்தில் நீர் கோத்துவிடும்.

அடுத்து சர்ஜ் கேபாசிட்டர். அதைத் தனியாகக் கழற்றி அளவிடுங்கள். சிலவற்றுக்குள் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் இருக்கும். அது மெக்கரில் குறைவாகத்தான் காட்டும், அது கோளாறல்ல. மூன்றையும் ஒப்பிட்டு ஒன்று மட்டும் விலகுகிறதா என்று பாருங்கள்.

அதன் பிறகு ஜெனரேட்டர் டெர்மினல் முதல் பிரேக்கர் வரையுள்ள பஸ் டக்ட். ஃப்ளெக்ஸிபிள் இணைப்பைக் கழற்றினால்தான் ஸ்டேட்டரைத் தனியாக்க முடியும். கிரேனும் ஒரு நாளும் கேட்கும் வேலை, ஆனாலும் தவிர்க்க முடியாது.

கடைசியாக ஸ்டேட்டர் வைண்டிங். நியூட்ரல் முனையையும் பிரித்து ஃபேஸ் ஃபேஸாக, மற்ற இரண்டையும் எர்த் செய்து, 5000 வோல்ட்டில் போடுங்கள். 40 டிகிரி செல்சியஸுக்குத் திருத்திய ஒரு நிமிட அளவு 100 மெகாஓமுக்குக் கீழே போகக் கூடாது. பத்து நிமிட அளவை ஒரு நிமிட அளவால் வகுத்தால் 2-க்குக் குறையக் கூடாது. ஒரு ஃபேஸ் மட்டும் விழுந்திருந்தால் ஃபால்ட் அங்கே. மூன்றும் சேர்ந்து கொஞ்சம் விழுந்திருந்தால் ஈரம். உலர்த்தி மறுபடி போடுங்கள். நீர்க்குளிர்ச்சி உள்ள ஸ்டேட்டர் என்றால் சாதாரண மெக்கர் அளவு எதையும் சொல்லாது, அதை முயலவே வேண்டாம். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் சோதித்த நேரத்தைப்போல் நான்கு மடங்கு நேரம் எர்த்தில் வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஒரு ஃபேஸ் வைண்டிங் விழுந்துவிட்டது என்று உறுதியான கணமே. 5 ஆம்பியரானாலும் சில விநாடி எரிந்த இடத்தில் கோர் லேமினேஷன் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். அதைச் சோதிக்காமல் புது பாரை மட்டும் இறக்கினால், ஒட்டிய இடம் சூடாகிப் புது இன்சுலேஷனையும் தின்றுவிடும். தயாரிப்பாளரின் வைண்டிங் குழு கோர் சோதனைக் கருவியோடு வர வேண்டும்.

## அறிகுறி 2: இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை

ஓபன் டெல்ட்டா மட்டும் காட்டுகிறது, ரெசிஸ்டரில் ஒன்றுமில்லை. 36 அல்லது 37 வோல்ட்டில் அசையாமல் நிற்கிறதா? அப்படியானால் பிடியின் ஒரு பிரைமரி ஃபியூஸ் போயிருக்கிறது. மூன்றில் ஒரு சுருள் செத்தால் மீதி இரண்டின் கூட்டல் சரியாக அந்த அளவுதான் வரும். லைன் வோல்ட்டேஜில் இரண்டு விழுந்திருப்பதும் இதை உறுதிசெய்யும். ஃபியூஸை மாற்றுவதற்கு முன் அது ஏன் போனது என்று பிடியை அளந்து பாருங்கள். அதே ஃபியூஸ் இரண்டாம் முறை போனால் பிடியை மாற்ற வேண்டும்.

ரெசிஸ்டர் மட்டும் காட்டுகிறது, ஓபன் டெல்ட்டாவில் ஒன்றுமில்லை. பொய் அலாரம் என்று முடிவுகட்டும் முன் ஃபேஸ்-எர்த் வோல்ட்டேஜ்களைப் பாருங்கள். அவை தாறுமாறாக இருந்தால் ஃபால்ட் நிஜம், ஓபன் டெல்ட்டாவின் எம்சிபி அல்லது வயரிங்தான் செத்திருக்கிறது. அறிகுறி 1-க்கே திரும்புங்கள். ஃபேஸ்கள் மூன்றும் சமமாக இருந்தால்தான் ரெசிஸ்டரிலிருந்து ரிலேக்கு வரும் கேபிளைச் சந்தேகிக்கலாம். அது பவர் கேபிளோடு ஒரே டிரேயில் ஓடுகிறதா, ஸ்கிரீன் எர்த் ஆகியிருக்கிறதா, இரண்டு இடத்தில் எர்த் ஆகியிருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள். இரண்டு எர்த்துதான் அதிகம் அகப்படும்: ரெசிஸ்டர் பெட்டியில் ஒன்று, பேனலில் இன்னொன்று. வெல்டிங் நடக்கும் நாளில் மட்டும் பிக்கப் ஆனால் அதுதான்.

## அறிகுறி 3: பிக்கப் ஆகிறது, ட்ரிப் ஆகாமல் திரும்புகிறது

கிரிட்டில் எர்த் ஃபால்ட் நடந்த அதே கணமா என்று இரண்டு ரெக்கார்டுகளின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். மெயின் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு வைண்டிங்குகளுக்கும் இடையிலுள்ள கெபாசிட்டன்ஸ் வழியாக 230 கிலோவோல்ட் பக்கத்து ஃபால்ட் சில வோல்ட்டை நியூட்ரலுக்குத் தள்ளும். ஒரு விநாடித் தாமதம் இருப்பது இதற்காகத்தான். தாமதத்தைக் குறைக்க யாராவது கேட்டால் சம்மதிக்க வேண்டாம்; பாதுகாப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்ட பிறகே செட்டிங்கைத் தொடலாம்.

நேரம் ஒத்துப்போகவில்லை, ஆனால் பிடி செகண்டரி ஃபியூஸ் ஒன்று போயிருக்கிறது என்றால், பிடி செகண்டரியில்தான் எர்த் ஆகியிருக்கிறது. பிடியின் ஸ்டார் புள்ளி எர்த் ஆகியிருக்கும் இடத்தில், செகண்டரி வயர் ஒன்று பெட்டியைத் தொட்டாலும் அது பிரைமரியில் எர்த் ஃபால்ட் போலத் தெரியும். ஃபியூஸ் போனதும் மறையும். ஃபியூஸ் 59N-ஐ முந்தாவிட்டால் ஒரு வயருக்காக முழு யூனிட்டும் ட்ரிப்பாகும். செகண்டரியை ஸ்டார் புள்ளிக்குப் பதிலாக ஒரு ஃபேஸில் எர்த் செய்தால் இது பெரும்பாலும் தீரும்; ஆனால் அது டிசைன் மாற்றம், ஷிப்டில் செய்யும் வேலை அல்ல.

இரண்டும் இல்லை, மழைநாளில் மட்டும் வந்து போகிறது என்றால் அது வளர்ந்துகொண்டிருக்கும் அறிகுறி 1. அடுத்த நிறுத்தத்துக்குக் காத்திருக்காமல் நிறுத்தத்தைக் கேளுங்கள்.

## அறிகுறி 4: 27TN குறைந்த லோடில் அடிக்கிறது

ஆரோக்கியமான ஜெனரேட்டரின் நியூட்ரலில் கொஞ்சம் 150 ஹெர்ட்ஸ் எப்போதும் இருக்கும். அது காணாமல் போனால், நியூட்ரல் அருகே எர்த் ஆகிவிட்டது என்று 27TN எடுத்துக்கொள்கிறது. சிக்கல் என்னவென்றால், லோடு குறையும்போது ஃபால்ட் இல்லாமலே இது வெகுவாகக் குறையும்.

லோடை ஏற்றும்போது அளவு கூடவே ஏறினால் இயந்திரம் நலம், செட்டிங்தான் பொருந்தவில்லை. கமிஷனிங் தாள்களில் லோடு வாரியான மூன்றாம் ஹார்மோனிக் அட்டவணை இருக்கும். இல்லை என்றால் ஒரு வாரம் பல லோடுகளில் ரிலே திரையிலிருந்து எழுதி உருவாக்குங்கள். குறைந்த லோடில் இந்தப் பாதுகாப்பைத் தடுக்கும் பவர் பிளாக் பெரும்பாலான ரிலேக்களில் உண்டு. அதற்கு அந்த அட்டவணைதான் ஆதாரம்.

லோடு ஏறியும் அளவு அசையவில்லை என்றால் செட்டிங்கைத் தொடாதீர்கள். அடுத்த அறிகுறியைப் படியுங்கள்.

## அறிகுறி 5: நியூட்ரல் வோல்ட்டேஜ் எப்போதும் சுத்தமான பூஜ்யம்

எந்த அலாரமும் அடிக்காது. ஷிப்டு புத்தகத்தில் எல்லாம் ‘நார்மல்’. மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன், ஏனெனில் ஓடுகிற ஜெனரேட்டரின் நியூட்ரல் ஒருபோதும் சுத்தமான பூஜ்யமாக இருக்காது. முழு லோடில் 150 ஹெர்ட்ஸ் அளவு 0.0 என்று நின்றால் ரிலேக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஏதோ அறுந்திருக்கிறது, அல்லது எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. ஸ்டேட்டருக்கு இந்த நிமிடம் 59N கிடையாது.

டெர்மினல் பக்க ஓபன் டெல்ட்டாவின் மூன்றாம் ஹார்மோனிக்கையும் சேர்த்துப் பார்த்தால் வழி பிரியும்.

டெர்மினல் பக்கம் வழக்கம்போல் இருக்கிறது. நியூட்ரல் சர்க்கியூட் நலம், ரிலேக்குப் போகும் வயர் மட்டும் அறுந்திருக்கிறது. முதலில் பேனலின் டெஸ்ட் பிளாக். ரிலே சோதனை முடிந்து லிங்க்கை மூட மறந்ததுதான் அடிக்கடி அகப்படும் காரணம். அடுத்து எம்சிபி, அதற்கு அடுத்து ரெசிஸ்டர் பெட்டியின் டெர்மினல் திருகு. டிரான்ஸ்ஃபார்மருக்கும் ரெசிஸ்டருக்கும் இடையே உள்ள பாதையில் ஃபியூஸோ எம்சிபியோ இருக்கவே கூடாது. இருந்தால் அதை டிசைன் பிழையாக எழுத்தில் தெரிவியுங்கள்.

டெர்மினல் பக்கம் கூடியிருக்கிறது. செகண்டரி அல்லது ரெசிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். அப்படியானால் நியூட்ரல் கிட்டத்தட்ட நேரடி எர்த்துக்கு வந்துவிட்டது. இப்போது ஸ்டேட்டரில் ஃபால்ட் வந்தால் கரண்ட் 5 ஆம்பியரில் நிற்காது, ஆனாலும் 59N ஒன்றும் பார்க்காது. நியூட்ரல் அருகே உண்மையான ஸ்டேட்டர் ஃபால்ட் இருந்தாலும் இதே தோற்றம்தான். இரண்டில் எதுவானாலும் இயந்திரத்தை நிறுத்த வேண்டும்.

டெர்மினல் பக்கம் குறைந்திருக்கிறது. பிரைமரி லிங்க் திறந்திருக்கிறது என்று பொருள். பராமரிப்பின்போது மெக்கருக்காகத் திறந்ததை மூடாமல் விட்டிருக்கலாம். ஜெனரேட்டர் இப்போது எர்த்தே இல்லாமல் மிதக்கிறது. லிங்க் நிலையை ஸ்டார்ட் இன்டர்லாக்கில் சேர்த்திருக்கும் நிலையங்களில் இது நடக்காது. சேர்க்காத நிலையத்தில் நிச்சயம் ஒரு நாள் நடக்கும்.

ரெசிஸ்டர் மட்டும் திறந்துபோனால் எண் பூஜ்யமாகாது. மாறாக நியூட்ரல் அளவு வழக்கத்தைவிடக் கூடும், டெர்மினல் அளவு குறையும். அதனால் ‘நன்றாகத்தான் காட்டுகிறது’ என்று ஏமாந்துவிடுவோம். கூடியதையும் கவனியுங்கள்.

### நிறுத்திய பின் செய்யும் சோதனை

ரெசிஸ்டரை நான்கு-வயர் முறையில் அளவிடுங்கள், ஏனெனில் 0.6 ஓமை அளக்கச் சாதாரண மல்ட்டிமீட்டரின் வயர் ரெசிஸ்டன்ஸே அதிகம். 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் மூடியைக் கழற்றி கிரிட் இணைப்புகளைப் பாருங்கள். துருப்பிடித்த போல்ட் ஒன்றை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கிரிட் எலெமெண்டே விரிசல் விட்டிருந்தால் புதிது வாங்க வேண்டும். வாங்கும்போது ஓம் மதிப்பை மட்டும் பார்க்காமல் கரண்டையும் நேரத்தையும் பாருங்கள்: இந்த இயந்திரத்தில் முழு ஃபால்ட்டில் 231 ஆம்பியர், 32 கிலோவாட்.

அடுத்து ரிலே வரை முழுப் பாதையும் நிரூபிக்கப்பட வேண்டும். பேனலில் ரிலே டெர்மினலில் இன்ஜெக்ட் செய்து 7 வோல்ட்டில் பிக்கப் ஆனது என்று எழுதினால் ரிலே நலம் என்றுதான் பொருள், வயர் நலம் என்றல்ல. இன்ஜெக்‌ஷனை ரெசிஸ்டர் முனையில் கொடுக்க வேண்டும். அதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ரெசிஸ்டருக்கு வரும் லீடைக் கழற்றுங்கள். கழற்றாமல் செகண்டரியில் 7 வோல்ட் கொடுத்தால் பிரைமரியில் 460 வோல்ட் எழும்பும், அந்தப் பக்கம் யாராவது நியூட்ரலில் கை வைத்திருக்கக்கூடும். 0.6 ஓமில் 7 வோல்ட் எழுப்ப 12 ஆம்பியர் வேண்டும். ரிலே டெஸ்ட் செட்டின் வோல்ட்டேஜ் அவுட்புட் இதைத் தராது, வேரியாக்கும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும். மெல்ல ஏற்றி, ரிலே திரையில் அளவைப் பார்த்து, பிக்கப் வோல்ட்டேஜையும் ட்ரிப் நேரத்தையும் எழுதுங்கள். லீடை மறுபடி மாட்டியதை இரண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரையோ ரெசிஸ்டரையோ மாற்றியிருந்தால் இந்த இன்ஜெக்‌ஷன் போதாது. ஒரு ஃபேஸ் டெர்மினலை வேண்டுமென்றே எர்த் செய்து, பிரேக்கர் திறந்த நிலையில், எக்ஸைட்டேஷனைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றும் பிரைமரி சோதனை வேண்டும். ஜெனரேட்டர் வோல்ட்டேஜ் 5 சதவீதத்தை எட்டும்போது ரெசிஸ்டரில் 7 வோல்ட் வந்து 59N பிக்கப் ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் விகிதம், ரெசிஸ்டர், வயர், ரிலே நான்கும் ஒரே முறையில் நிரூபணமாகிவிடும். எக்ஸைட்டேஷன் மேனுவலில், ட்ரிப் வழிகள் தயாராக, தற்காலிக எர்த்தைக் கழற்றியதற்குத் தனிக் கையெழுத்தோடு, கமிஷனிங் பொறியாளர் நடத்த வேண்டிய சோதனை அது.